வருடாந்திர நலன் முரண் படிவம்: மச்சினன் சப்ளையர் கம்பெனியில் பங்குதாரர். 4-ஆம் கேள்விக்கு ‘ஆம்’ போடுவதா, ‘இல்லை’ போடுவதா?

ஓசூர் பர்ச்சேஸ்:
வணக்கம். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். ஏப்ரல் ஆனால் எல்லோரும் நலன் முரண் படிவம் நிரப்ப வேண்டும். ஒன்பது கேள்வி. எல்லாம் ஆம் / இல்லை. ஆம் என்று போட்டால் கீழே ஒரு பெட்டி திறக்கும், விளக்கம் எழுதாமல் அடுத்த பக்கம் போகாது.

சிக்கல் 4-ஆம் கேள்வியில். “உங்களுக்கோ உங்கள் நெருங்கிய உறவினருக்கோ, நம் நிறுவனத்துடன் வணிகத் தொடர்புள்ள எந்த அமைப்பிலாவது பங்கு, பொறுப்பு அல்லது வேலை உண்டா?”

எங்களுக்கு அட்டைப்பெட்டி தரும் ஒரு சின்ன கம்பெனியில் என் மனைவியின் தம்பி பங்குதாரராகச் சேர்ந்திருக்கிறார். போன மாதம் ஒரு நிச்சயதார்த்த வீட்டில்தான் எனக்கே தெரியும். அந்தக் கம்பெனி அவர் சேர்வதற்கு முன்பிருந்தே எங்கள் சப்ளையர். தேர்வு செய்தது நான் இல்லை. ஆனால் பெட்டி கொட்டேஷன்களை ஒப்பிட்டுத் தாள் தயாரிப்பதும், பில்லில் முதல் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

‘ஆம்’ போட்டால் அவருக்கு ஆர்டர் போய்விடுமோ, என் மேல் சந்தேகம் வருமோ என்று பயம். வீட்டிலும் இதே பேச்சுதான். என்ன செய்யலாம்?

கார்த்தி, சேலம்:
கவலையே வேண்டாம், ‘இல்லை’ போடுங்கள். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 2(77)-ஐயும் அதற்கான விதியையும் பாருங்கள். உறவினர் என்றால் கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர், அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், கூடப்பிறந்தவர்கள். அவ்வளவுதான். மனைவியின் தம்பி அந்தப் பட்டியலில் கிடையாது. சட்டமே கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

தமிழாசிரியர்:
நான் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். எங்களுக்கும் இப்படி ஒரு படிவம் உண்டு. மனைவி பெயரில் வாங்கிய மனையைக் காட்டலாமா வேண்டாமா என்று போன முறை பெரிய குழப்பம். கடைசியில் பத்திர நகலோடு காட்டிவிட்டேன். நீங்களும் நகல் வைத்துவிடுங்கள்.

உள்தணிக்கை மீனாட்சி:
ஆசிரியர் ஐயா, நீங்கள் சொல்வது சொத்து விவரப் படிவம். அது உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பது. இவர் கையில் இருக்கும் படிவம், வேலையில் இவர் எடுக்கும் முடிவு யாருக்கு லாபம் தரும் என்று கேட்கிறது. பத்திர நகலுக்கு இங்கே வேலை இல்லை.

கார்த்தி தம்பி, பட்டியல் சரி. அது இவருக்குப் பொருந்தாது. அந்த வரையறை கம்பெனிச் சட்டத்தின் தேவைகளுக்கானது. இயக்குநர்கள் நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்தில் தங்கள் நலன்களைத் தெரிவித்து MBP-1 என்ற படிவம் கொடுப்பார்களே, அது அந்தச் சட்டத்தின் 184-ஆம் பிரிவுப்படி. ஊழியர் நிரப்புவது கம்பெனியின் சொந்தக் கொள்கைப்படி வந்த படிவம். அதில் ‘நெருங்கிய உறவினர்’ யார் என்பதை அந்தப் படிவம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பர்ச்சேஸ் சார், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓசூர் பர்ச்சேஸ்:
பார்த்தேன் மேடம். “திருமண வழி உறவினர் உட்பட” என்று இருக்கிறது. ஆக, ‘ஆம்’தான்.

உள்தணிக்கை மீனாட்சி:
ஆமாம். அந்த வரி இல்லாவிட்டாலும் நான் ‘ஆம்’ போடத்தான் சொல்லியிருப்பேன். பில்லில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அதனால் உறவு எத்தனையாவது சுற்று என்பது இரண்டாம் பட்சம்.

‘ஆம்’ என்றால் தப்பு செய்தேன் என்று அர்த்தம் இல்லை. அந்த ஒரு வேலையிலிருந்து உங்களை விலக்கி வைக்க வேண்டுமா என்று மேலே இருப்பவர் முடிவு செய்ய ஒரு தகவல், அவ்வளவுதான். வினை வருவது பொய்யான ‘இல்லை’யில். தணிக்கையில் நாங்கள் ஊழியர் பட்டியலையும் சப்ளையர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வங்கிக் கணக்கு, முகவரி, போன் நம்பர் மூன்றையும் ஒப்பிடுவோம். மாமனார் வீட்டு முகவரியில் ஒரு சப்ளையர், அதே முகவரி ஊழியரின் அவசரத் தொடர்பில் என்று பார்த்திருக்கிறேன். தொகை சின்னதுதான். ஆனால் முந்தைய வருடப் படிவத்தில் ‘இல்லை’ என்று இருந்ததால் விசாரணை வரை போனது.

இனி விளக்கப் பெட்டிக்குள் என்ன எழுதுவது. ‘உறவினர் தொழில் செய்கிறார்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது, திருப்பி அனுப்புவார்கள். உங்கள் விஷயத்துக்கு இப்படி எழுதலாம்:

“என் மனைவியின் தம்பி, நமக்கு அட்டைப்பெட்டி தரும் (பெயர், சப்ளையர் எண்) நிறுவனத்தில் பங்குதாரர். இது எனக்கு மார்ச் மாதம் (தேதி) தெரிய வந்தது. அவர் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்கோ என் மனைவிக்கோ அதில் முதலீடு, கடன், வருமானம் எதுவும் இல்லை. இந்த நிறுவனத்தைத் தேர்வு செய்ததில் எனக்குப் பங்கில்லை. பெட்டி கொட்டேஷன் ஒப்பீட்டையும் பில் முதல் கையெழுத்தையும் நான் செய்து வருகிறேன். மேற்படி தேதிக்குப் பின் நான் கையெழுத்திட்ட பில் எண்கள்: … இந்த இரு வேலைகளையும் வேறொருவருக்கு மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.”

உண்மையானதை மட்டும் வையுங்கள். கடன் கொடுத்திருந்தால் ‘கடன் இல்லை’ என்ற வரி போகக் கூடாது. ‘எந்தப் பாதிப்பும் இல்லை’ என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம், அது படிப்பவர் வேலை. பில் எண்களை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் தயங்குவது அங்கேதான், நாங்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

கார்த்தி, சேலம்:
சரி மேடம், படிவத்தின் வரையறையை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். இவர் இவ்வளவு எழுதினால் மச்சினன் ஆர்டர் போகாதா?

உள்தணிக்கை மீனாட்சி:
போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. பல இடங்களில் ஊழியரைத்தான் விலக்குவார்கள், சப்ளையரை விட்டுவிடுவார்கள். சில கம்பெனிகள் அடுத்த முறை புதிதாகக் கொட்டேஷன் வாங்கிப் பார்க்கும். விலை நியாயமாக இருந்தால் ஆர்டர் தொடரும்.

குமார் ஸ்டோர்ஸ்:
எங்கள் கம்பெனியில் நான் இரண்டு வருடமாக ‘ஆம்’ போடுகிறேன். அண்ணன் லாரி ஓட்டுகிறார், அதே டிரான்ஸ்போர்ட் கம்பெனிதான் எங்கள் சரக்கை ஏற்றுகிறது. ஒரு பதிலும் வந்ததில்லை. ‘பரிசீலனையில்’ என்றே நிற்கிறது.

உள்தணிக்கை மீனாட்சி:
அதுதான் மோசம். படிவம் வாங்கிவிட்டுப் படிக்காமல் வைத்தால் பாதுகாப்பு இருப்பது போலத் தெரியும், இருக்காது. நீங்கள் மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள்: “4-ஆம் கேள்விக்கான என் பதில் இன்னும் பரிசீலனையில் உள்ளது. அதுவரை டிரான்ஸ்போர்ட் பில்லை நான் சரிபார்க்கலாமா?” ஆம், இல்லை எது வந்தாலும் உங்கள் கையில் எழுத்தில் ஒரு பதில் இருக்கும்.

ஓசூர் பர்ச்சேஸ்:
இன்று காலை சமர்ப்பித்தேன். தேடியதில் அந்தத் தேதிக்குப் பின் இரண்டு பில்லில் என் கையெழுத்து இருந்தது. இரண்டையும் குறிப்பிட்டேன். மதியமே மேலாளர் கூப்பிட்டார். பில் கையெழுத்தைப் பக்கத்து சீட்காரருக்கு மாற்றிவிட்டார். ஒப்பீட்டுத் தாள் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார். மச்சினனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?

உள்தணிக்கை மீனாட்சி:
‘கம்பெனியில் தெரிவித்துவிட்டேன்’ என்ற ஒரு வரி போதும். மற்றவர் கொட்டேஷன் விலை, உள்ளே நடக்கும் பரிசீலனை எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாது. ஒப்பீட்டுத் தாள் பற்றிய பதில் வரும்வரை பெட்டி கொட்டேஷனைத் தொடாதீர்கள்.

ராணிப்பேட்டை ரவி:
உறவே இல்லை, கூடப் படித்த நண்பன் சப்ளையராக இருந்தால்? எங்கள் படிவத்தில் உறவினர் என்று மட்டும்தான் இருக்கிறது.

உள்தணிக்கை மீனாட்சி:
கடைசிக் கேள்வியைப் பாருங்கள். ‘உங்கள் முடிவைப் பாதிக்கக்கூடிய வேறு ஏதாவது’ என்று இருந்தால் அதில் எழுதலாம். ஆனால் எவ்வளவு நெருக்கமானால் எழுத வேண்டும் என்பதற்கு எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கூட்டுத் தொழில், கடன், ஒரே வீட்டு வாடகை என்று பணம் புழங்கினால் நான் கட்டாயம் எழுதச் சொல்வேன். வெறும் சிநேகிதம் என்றால் மேலாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.