ஆத்துல போட்டாலும் அளந்து போடு: மூணு தலைமுறைக்கு எப்படிச் சொல்றது?

வாய்க்கால்மேடு
ஒரே வீடுங்க. ரெண்டரை வயசுப் பாப்பா, பத்தாவது படிக்கிற பையன், எழுபத்தஞ்சு தாண்டின அப்பாரு. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ங்கற இந்த ஒத்தைப் பழமொழியை மூணு பேருக்கும் புரியற மாதிரி எப்படிச் சொல்றது? குழந்தைங்களோட, பெரியவங்களோட பழகி அனுபவம் உள்ளவங்க எது எடுபட்டுச்சு, எது எடுபடலைன்னு எழுதுங்க. அர்த்தம் எனக்குத் தெரியும். சொல்ற விதந்தான் வேணும்.

கூடுதுறை
முதல்ல இந்தப் பழமொழியையே மாத்தணும்ங்க. ஆடிப் பதினெட்டுக்குப் பவானியில ஆத்துக்குள்ள காசு, துணி, மாலைன்னு போடறதைப் பாக்கறோம். "அளந்து போடு"ன்னா கொஞ்சமாப் போட்டாத் தப்பில்லைன்னு ஆயிடும். ஆத்துல எதையுமே போடாதேன்னு சொல்லிக் கொடுங்க.

பல்லடம் அம்மிணி
உங்க கவலை நியாயமானதுங்க, ஆனா அது வேற பேச்சு. இந்தப் பழமொழியில ஆறுங்கறது திரும்பி வராத இடம். கொடுத்தாலும் சரி, கொட்டுனாலும் சரி, கையை விட்டுப் போறது எவ்வளவுன்னு தெரிஞ்சு போகட்டும்ங்கறதுதான் பொருள். இதுல இன்னொரு விசயமும் இருக்குது. எட்டு வயசுக் குழந்தைகிட்ட அர்த்தம் கேட்டா, ஆத்துல என்ன போடறதுன்னுதான் முதல்ல யோசிக்கும். சொல்லுக்குள்ள இருக்கற ரெண்டாவது பொருள் அந்த வயசுல சுலபமாப் பிடிபடாது. ரெண்டரை வயசுக்குச் சுத்தமாப் பிடிபடாது.

கேட்ட கேள்விக்கு வர்றேன். பாலர் வகுப்புலயும் முதியோர் மத்தியிலயும் வேலை செய்யறவங்க கணக்குல, மூணு பேருக்கும் புதுசா இருக்கறது ஒரே விசயம் இல்லை. பையனுக்குச் செலவு பழசு, பழமொழி புதுசு. அப்பாருக்குப் பழமொழி பழசு, செலவாகற வழி புதுசு. பாப்பாவுக்கு ரெண்டுமே புதுசு. அதனால பாப்பாவுக்குச் செய்கை, பையனுக்குக் கணக்கு, அப்பாருக்குப் புது இடம். இதைப் பிரிக்காம மூணு பேருக்கும் ஒரே விளக்கத்தைக் கொடுத்தா ஒருத்தருக்கும் ஏறாது.

பாப்பாவை முதல்ல பாத்துக்கலாம். ரெண்டரை வயசுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு பத்து வரைக்கும் பாட்டா ஒப்பிக்கும். "மூணு குடு"ன்னு கேட்டா ஒரு கை அள்ளிக் கொடுக்கும். அந்த வயசுல நெசமாப் புரியற எண்ணிக்கை ஒண்ணு, கொஞ்ச நாள் போய் ரெண்டு. அதனால அளவை எண்ணாச் சொல்லாம ஏனமாக் காட்டணும். ஒரு சின்னக் குண்டாவுல சரியா மூணு டம்ளர் தண்ணி ஊத்தி வைங்க. குழந்தை கைக்கு அடங்கற சின்ன டம்ளர் ஒண்ணு, வாசல்ல மூணு செடித் தொட்டி. "செடிக்கு ஒரு டம்ளர். போதும்." இவ்வளவுதான் வசனம். அடுத்த தொட்டிக்கும் இதே சொல், இதே ராகம், தினமும் இதே நேரம். ஆறு, அளந்து, போடு மூணுமே காணோமேன்னு நினைக்காதீங்க. "ஆறு"ங்கறது தொட்டி ஆச்சு, "அளந்து"ங்கறது டம்ளர் ஆச்சு, "போடு"ங்கறது ஊத்து ஆச்சு.

தப்பு ரெண்டு இடத்துல வருது. "கொட்டாதே"ன்னு சொல்றது ஒண்ணு. அப்படிச் சொன்னா எதைச் செய்யணும்னு அந்த வயசுக்குத் தெரியறதில்லை, பல நேரம் நம்ம கண்ணு முன்னாலயே கொட்டும். செய்ய வேண்டியதைத்தான் சொல்லணும். இன்னொண்ணு, குழாயைப் பக்கத்துல திறந்து வைக்கறது. குண்டாவுல மூணே டம்ளர் இருந்தா, ஒரே தொட்டிக்கு ரெண்டு ஊத்தினப்போ மூணாவது தொட்டிக்கு இல்லாமப் போகும். "தீந்துருச்சு, இந்தச் செடிக்கு இல்லை" அப்படின்னு தண்ணி கெடைக்காத தொட்டியைக் காட்டினாப் போதும். திட்ட வேண்டியதில்லை, உடனே நிரப்பவும் கூடாது. ரெண்டு மூணு வாரத்துல குழந்தையே டம்ளரைத் தூக்கி "போதும்"னு சொல்லும். அதுதான் ஏறினதுக்கு அடையாளம்.

தானியத்தை வெச்சு விளையாட விடாதீங்க. கடலை, பயறு மூக்குலயும் தொண்டையிலயும் போயிரும். தண்ணியா இருந்தாலும் பெரியவங்க ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும், முடிஞ்சதும் குண்டாவைக் கவுத்து வெச்சரணும்.

தாராபுரத்தான்
இவ்வளவு மெனக்கெடணுமா? நம்ம காலத்துல ஆத்திசூடியை அர்த்தம் தெரியாமத்தான் மனப்பாடம் பண்ணினோம். பின்னாடி புரிஞ்சுது. பாப்பாவுக்கும் பழமொழியைச் சொல்லிக்கிட்டே இருந்தாப் போதும், தானாப் புரியும்.

பல்லடம் அம்மிணி
பாதி சரிங்க. "ஆத்துல, அளந்து"ன்னு அந்த ஆகாரமும் அகரமும் மோதற சத்தம் காதுல உக்காந்துக்கும், அதுக்கு எந்த வயசும் சீக்கிரம் இல்லை. பெரியவங்க ஊத்தறப்போ பழமொழியைத் தங்களுக்குச் சொல்லிக்கற மாதிரி சொல்லட்டும். ஆனா ஒப்பிக்கறதைப் புரிஞ்சுக்கிச்சுன்னு கணக்குல வெச்சா ஏமாந்துருவோம். பழமொழியைத் தெளிவாச் சொல்லிக்கிட்டே குண்டாவை மொத்தமாக் கவுக்கற குழந்தைங்க உண்டு.

நம்பியூர் கணக்கு
பத்தாவது பையனுக்கு நான் சொல்றேன். அந்த வயசுப் பசங்க பழமொழியைக் கேட்டதும் ஒரு கேள்வி கேப்பாங்க: "ஆத்துல போட்டாப் போனது போனதுதானே, எதுக்கு அளக்கணும்?" இதை எதுத்துப் பேசறதா எடுத்துக்காதீங்க. நல்ல கேள்வி, பழமொழியோட உசுரே அதுலதான் இருக்குது. பதில் ஒரே வரி: திரும்பி வாங்கறதுக்கு அளக்கலை, மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க அளக்கறோம்.

அதைச் சொல்லி விளக்கறதை விட ஒரு வாரம் செஞ்சு பாக்க விடுங்க. ஞாயித்துக்கிழமை 500 ரூபாய் கைச்செலவுக்குப் போன்ல போடறீங்கன்னு வைங்க. அடுத்த ஞாயிறு போனைத் திறக்கறதுக்கு முன்னாடி, என்ன செலவாச்சுன்னு நெனவுல இருந்து ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. பெரும்பாலும் இப்படி வரும்: சேக்காளி பிறந்தநாளுக்குப் பங்கு 100, பேக்கரியில ஒரு 100, போன் டாப்அப் 49. ஆக 249. அப்புறம் போன்ல இருக்கற பட்டியலைத் திறங்க. பேக்கரியில பப்ஸும் டீயும் 35 வீதம் அஞ்சு நாள், 175. ஷேர் ஆட்டோ 20 வீதம் ரெண்டு தடவை 40. கேமுக்கு 29 வீதம் மூணு தடவை 87. பிறந்தநாள் 100, டாப்அப் 49. மொத்தம் 451. நெனவுக்கும் நெசத்துக்கும் நடுவுல 202 ரூபாய். "கண்ணு, அந்த 202தான் ஆத்துல போனது"ன்னு அப்போ சொன்னாப் பழமொழி நிக்கும்.

கவனிச்சீங்கன்னா, 100 ரூபாய்ப் பங்கு மறக்கலை. மறந்தது 20ம் 29ம் 35ம்தான். நோட்டாக் கையில இருந்தப்போ பாக்கெட் மெலியறது தெரியும், போன்ல தெரியாது. அந்த 202ல எதையும் தப்புன்னு சொல்லாதீங்க. கேமுக்கு ஏன் போட்டேன்னு ஆரம்பிச்சா அடுத்த வாரம் தாள் பொய் சொல்லும். காசு தீந்த அன்னிக்குப் பழமொழியை எடுத்தா அது குத்திக்காட்டறது. சேக்காளிங்க முன்னால எடுத்தாலும் அப்படித்தான். காசு போடற அன்னிக்கே ஒரு தடவை சொல்லிட்டு விட்டுரணும். மூணாவது வாரத்துல அந்த இடைவெளி 50க்குள்ள வந்தாச் செலவு குறையலைன்னாலும் பரவாயில்லை, அளக்கக் கத்துக்கிட்டான்.

கூடுதுறை
செலவு குறையலைன்னா அப்புறம் என்னங்க பிரயோசனம்?

நம்பியூர் கணக்கு
பழமொழி "போடாதே"ன்னு சொல்லலையே, "அளந்து போடு"ன்னுதானே சொல்லுது. சிக்கனம் அதுக்கடுத்த பாடம். ரெண்டையும் ஒண்ணாத் திணிக்கறப்பதான் பசங்க ரெண்டையும் விட்டுடறாங்க.

தாராபுரத்தான்
அப்பாரு சமாச்சாரத்துக்கு வாங்க. பெரியவங்களுக்குக் காது மந்தம். நல்லாச் சத்தமாச் சொன்னாப் போதும்.

பல்லடம் அம்மிணி
சத்தம் போட்டாக் காரியம் கெடும்ங்க. வயசானா மெல்லிய, உயர்ந்த ஓசைதான் முதல்ல காதை விட்டுப் போகும். கத்துனா உயிரெழுத்து மட்டும் பெருசாகி மெய்யெழுத்து கரைஞ்சு போயிரும். எதுக்க உக்காந்து, வாய் தெரியற மாதிரி, டிவியை அணைச்சுட்டு, கொஞ்சம் தாழ்ந்த குரல்ல நிறுத்தி நிறுத்திச் சொல்லணும்.

அதை விட முக்கியம், அவருக்குப் பழமொழியை விளக்கறது மரியாதைக் குறைவு. பவானிசாகர்ல எத்தனை அடி நிக்குது, எத்தனை கனஅடி திறந்திருக்காங்கன்னு பேப்பர்ல தினமும் பாக்கறவர் அவரு. 105 அடி அணையில இருந்து ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் விடற தண்ணியை அளந்துதான் விடறாங்கன்னு நமக்கு அவர்தான் சொல்லணும். மொய் நோட்டும் அப்படித்தான். திரும்பி வருமோ வராதோ, பேரும் தொகையும் எழுதாமப் போட்டதில்லை. அளக்கற பழக்கம் அவர்கிட்ட நெறைஞ்சு கெடக்குது.

அவருக்குப் புரியாம இருக்கறது போன்ல போற பணம். நோட்டை எண்ணிக் கொடுத்த கைக்கு 500க்கும் 5000க்கும் கனம் வேற. திரையில ஒரு பூஜ்யந்தான் வித்தியாசம். அதனால பழமொழியைப் பாதியில நிறுத்திக் கேளுங்க: "அப்பாரு, ஆத்துல போட்டாலும்..." மீதியை அவரே முடிப்பாரு. உடனே, "இந்தப் போனும் ஒரு ஆறுதானுங்க. மொய் நோட்டு மாதிரி இதுக்கும் ஒரு நோட்டு வெச்சுக்கலாங்களா?" அவ்வளவுதான்.

நோட்டுல தேதி, யாருக்கு, எவ்வளவு. போன் கூடவே இருக்கட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி எழுதணும், அனுப்பிட்டு எழுதினா விட்டுப்போகும். ரகசிய எண்ணை அடிக்கறதுக்கு முன்னாடி தொகையை வாய்விட்டுப் படிக்கணும்: "ஐநூறு." நோட்டுல இருக்கறதும் வாயில வர்றதும் ஒண்ணா இருந்தா மட்டும் அடுத்த தட்டல். அப்படியே இதையும் சொல்லி வைங்க, நமக்குப் பணம் வர்றதுக்கு ரகசிய எண் அடிக்கவே வேண்டியதில்லை. எவனாவது வாங்கறதுக்கு அடிக்கச் சொன்னா அது போற வழி.

சென்னிமலை வெயில்
எங்க அப்பத்தாவுக்கு மறதி ஜாஸ்தி. எழுதின நோட்டையே எங்க வெச்சோம்னு தேடறாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை அனுப்பிடறாங்க. இதே பழமொழி வேலைக்கு ஆகுமா?

பல்லடம் அம்மிணி
மறதி அந்த அளவுக்கு இருந்தாப் பழமொழியால ஆகற காரியம் இல்லைங்க, டாக்டரைப் பாக்கறது முதல் வேலை. அதுவரைக்கும் அந்தப் போன்ல இருக்கற கணக்குல கொஞ்சப் பணம் மட்டும் வெச்சு, ஒரு நாளைக்கு அனுப்பற உச்சவரம்பைப் பேங்குல சொல்லிக் குறைச்சு வைக்கலாம். அதையும் அப்பத்தாகிட்டச் சொல்லிட்டே செய்யுங்க.

தாராபுரத்தான்
பாப்பா விசயத்துல எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. பழமொழியைக் காதுல போடறது ஒரு பக்கம் நடக்கட்டும்.

வாய்க்கால்மேடு
ரெண்டையும் வெச்சுப் பாக்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், நொய்யல் பக்கத்துப் பசங்க தண்ணி ஓடற ஆத்தைப் பாக்கறதே எப்பவாவதுதான். பையனுக்கு ஆறுங்கற சொல்லு அந்தத் "திரும்பி வராத இடத்தை"க் கொடுக்குமா, இல்லை அவனுக்கு வேற சொல்லு வேணுமா?

நம்பியூர் கணக்கு
ஐப்பசி மழையில நொய்யல்ல தண்ணி போறப்போ ஒரு தடவை பாலத்து மேல நிறுத்தி, ஒரு வேப்பிலையைப் போடச் சொல்லுங்க. அது கண்ணுக்கு மறையற வரைக்கும் பாக்கட்டும். அப்புறம் கேட்டுப் பாருங்க.