கண்ணுக்கு நன்றாக இருக்கும் படத்துக்கு பிஎஸ்என்ஆர் குறைவாக வருகிறது, எதை நம்புவது?

நிலவன்: அவசரம், இன்றைக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். இருட்டில் எடுத்த படத்தை வெளிச்சமாக்க இரண்டு முறைகள் வைத்திருக்கிறேன். சரியான படத்தோடு ஒப்பிட்டுப் பிழையை அளக்கிற பிஎஸ்என்ஆர், கூடினால் நல்லது, ‘அ’வுக்கு 17.9, ‘ஆ’வுக்கு 22.4. ஆனால் பார்க்கிற எல்லோரும் ‘அ’வைத்தான் காட்டுகிறார்கள், ‘ஆ’வில் துணியின் நெசவே வழித்தெடுத்தது போல இருக்கிறது. எண்ணை நம்பவா, கண்ணை நம்பவா?

கயல்: எதோடு ஒப்பிட்டீர்கள்? அதே காட்சியை ட்ரைபாடில் வைத்து நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்த படமா? கேமரா கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் எண் விழுந்துவிடும். படம் 8 பிட்டா, ஃப்ளோட்டா? படத்தின் அமைப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 1 வரை மதிப்பிடும் எஸ்எஸ்ஐஎம் எவ்வளவு?

செழியன்: பிஎஸ்என்ஆரை விடுங்கள், எஸ்எஸ்ஐஎம் மட்டும் போதும். 2004-இல் அது வந்ததே கண் பார்க்கிற விதத்தை ஒட்டி அளக்கத்தான். வெளிச்சம் கூடக் குறைய இருந்தாலும் அது கண்டுகொள்ளாது.

முத்துவேல்: எனக்கும் இதே சிக்கல். பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து சரிசெய்கிறேன், எஸ்எஸ்ஐஎம் எப்படிப் போடுவது?

கயல்: முத்துவேல், உங்களிடம் ஒப்பிட நல்ல படம் இல்லையே. இரண்டு அளவுகளுமே அது இல்லாமல் வராது. தனியாகக் கேளுங்கள்.

பரிதி: இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. ‘அ’ வெளிச்சமாக இருக்கும், அதனால்தான் பிடிக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரகாசமானதைத்தான் கண் தேர்ந்தெடுக்கும். இதற்குப் பெயர் தரச் சோதனை இல்லை.

நிலவன்: 8 பிட், ட்ரைபாட்தான். எஸ்எஸ்ஐஎம் அ 0.78, ஆ 0.80.

கயல்: சரி, இதை ஓட்டிப் பாருங்கள். `float` ஆக மாற்றாமல் கழிக்காதீர்கள், 8 பிட்டில் எதிர்மறை எண் சுற்றிக்கொண்டு 250 என்றெல்லாம் வரும்.

```python
d = out.astype(float) - ref.astype(float)
print(d.mean(), d.var())
```

நிலவன்: அ: 30, 155. ஆ: 4, 358.

கயல்: இதோ விஷயம். பிழையின் வர்க்கச் சராசரி என்பது முதல் எண்ணின் வர்க்கமும் இரண்டாவதும் சேர்ந்தது. ‘அ’வில் 900 + 155 = 1055, அதுதான் உங்கள் 17.9. அதில் 900 வெறும் வெளிச்ச வித்தியாசம். சராசரியாக 30 அளவு கூடிவிட்டால், நெசவு இழைக்கு இழை சரியாக இருந்தாலும் பிஎஸ்என்ஆர் 18.6-ஐத் தாண்டவே முடியாது. அந்த 30-ஐக் கழித்துவிட்டால் ‘அ’வுக்கு 26.2, ‘ஆ’வுக்கு 22.6. நெசவு விஷயத்தில் எண்ணும் உங்கள் கண் பக்கம்தான் இருக்கிறது.

செழியன், எஸ்எஸ்ஐஎம் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாது என்பது பாதிதான் சரி. 150 இருக்க வேண்டிய இடம் 180 ஆனால் அதன் வெளிச்சப் பகுதி 0.98. ஆனால் 20 இருக்க வேண்டிய நிழல் 50 ஆனால் 0.69. இருட்டுப் படத்தில் நிழல்தானே அதிகம்.

பரிதி: ஒப்பீட்டுப் படத்தைப் பார்த்து விடையைத் திருத்திவிட்டு 26 என்று போடுவது தில்லுமுல்லு. நிஜத்தில் பயன்படுத்தும்போது அந்தப் படம் கையில் இருக்காது.

கயல்: அறிக்கையில் அதை மட்டும் போட்டால் தில்லுமுல்லுதான், மறுக்கவில்லை. திருத்தாத எண்ணையும் சேர்த்துப் போடட்டும். நான் கேட்டது எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்துகொள்ள.

பரிதி: வெளிச்சத்தைச் சரியாகக் கொண்டுவருவதுதான் இந்த முறையின் வேலையே! அதில் 30 தவறியதை எப்படி ஒதுக்க முடியும்?

செழியன்: இருட்டுப் படத்துக்கு ஒரே சரியான வெளிச்சம் என்று ஒன்று உண்டா என்ன? எக்ஸ்போஷரை இன்னும் கூட்டி எடுத்திருந்தால் அதுவே ஒப்பீட்டுப் படமாகியிருக்கும், ‘அ’ ஜெயித்திருக்கும்.

பரிதி: அப்படிப் பார்த்தால் எதையுமே அளக்க முடியாது.

கயல்: நிலவன், கண்ணால் பார்க்கிற சோதனையையும் திருத்துங்கள். இரண்டின் சராசரி வெளிச்சத்தையும் ஒப்பீட்டுப் படத்துக்குச் சமமாக்கி, எது எந்த முறை என்று சொல்லாமல், இடம் மாற்றி மாற்றி, 100 சதவீத அளவில் காட்டுங்கள். திரைக்குள் அடங்கும்படி சுருக்கினால் நாய்ஸ் மறைந்துபோகும். ‘ஆ’ வர்க்கப் பிழையைக் குறைக்கப் பழக்கிய மாடல் என்றால் வழித்தெடுத்தது போல வருவது இயல்பு. நெசவு எப்படி ஓடுகிறது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் எல்லா வாய்ப்புகளின் சராசரியைத் தருவதுதான் அதற்குக் குறைந்த பிழை.

நிலவன்: செய்து பார்த்தேன். துணியில் இப்போதும் ‘அ’, ஆனால் இருட்டுச் சுவரில் பலரும் ‘ஆ’வைக் காட்டினார்கள், ‘அ’வில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிகிறதாம். இப்போதைக்கு ‘அ’வை அனுப்புகிறேன். நன்றி.

செழியன்: அந்த நெசவு ஒப்பீட்டுப் படத்தில் இருக்கிற அதே நெசவுதானா, இல்லை ‘அ’ தானாகப் போட்டுக்கொண்டதா?

கயல்: படம் முழுக்க 155 என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது. நிலவன், துணிப் பகுதியை மட்டும் வெட்டி அதே இரண்டு வரியை ஓட்டிப் போடுங்கள்.