காளைமுகத்தானோடு அமர்ந்திருக்கும் இந்த அம்மன் யார்? அடையாளம் கண்ட அனுபவங்களைப் பகிருங்கள்

செய்யாற்றுக்கரை:
உத்திரமேரூர் பக்கம் ஒரு சிற்றூர். ஏரிக்கரை வேப்பமரத்தடியில் இந்தப் பலகைக்கல் நிற்கிறது. சுமார் மூன்றடி உயரம். நடுவில் பருத்த உடம்போடு ஒரு பெண், இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வலப்பக்கம், அதாவது படத்தில் நமக்கு இடப்பக்கம், மனித உடம்பும் மாட்டு முகமுமாக ஒருவன். மறுபக்கம் ஓர் இளம்பெண். கைகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. தலைக்கு அருகில் ஏதோ ஒரு பறவை போலத் தெரிகிறது. ஊரில் ஏரியம்மா என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். யார் இவள்? இப்படி ஒரு சிலையைப் பார்த்து அடையாளம் கண்டவர்கள் எதை வைத்துக் கண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மதுரைமல்லி:
பறவை கிளிதான். கிளி இருந்தால் மீனாட்சி, இல்லாவிட்டால் ஆண்டாள். எங்கள் வீட்டுப் பூஜை அறைப் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

பாலாற்றுவாசி:
இது சப்தமாதர்களில் ஒருத்தி. எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். அங்கே ஒவ்வொருத்தியின் ஆசனத்துக்குக் கீழும் அவளுடைய வாகனம் இருக்கும். இங்கே மாடு இருப்பதால் மாகேஸ்வரி என்று நினைக்கிறேன். மற்ற ஆறு கல்லும் அந்த ஏரிக்கரையிலேயே புதைந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
தம்பி, இது சேட்டை. மூதேவி, தவ்வை, ஜேஷ்டாதேவி என்றெல்லாம் சொல்கிறோமே, அவள்தான். எப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பழைய கல்லில் முதலில் தேய்வது கைகளும் மூக்கும்தான். அதனால் நான் முகத்தையும் கையையும் கடைசிக்கு வைத்துவிடுவேன். முதலில் தோளைப் பார்த்துக் கை எத்தனை என்று எண்ண வேண்டும். கை உடைந்திருந்தாலும் தோளிலிருந்து கிளைத்த இடம் தெரியும். இந்தப் படத்தில் தோளுக்கு மேலே எதுவும் கிளைக்கவில்லை. இரண்டே கை. தமிழ்நாட்டுச் சப்தமாதர் வரிசைகளில் பெரும்பாலும் நான்கு கைகள் இருக்கும், மேல் இரண்டிலும் ஆயுதம் இருக்கும். பாலாற்றுவாசி சொன்ன மாகேஸ்வரிக்கு இங்கேயே ஒரு தடை வந்துவிடுகிறது.

அடுத்தது கால். மாதர்கள் ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு உட்காருவதுதான் வழக்கம். இவள் நாற்காலியில் அமர்வது போல இரண்டையும் அகலமாகத் தொங்கவிட்டிருக்கிறாள். வயிறு பெருத்து மடியில் சாய்கிறது, மார்பு தளர்ந்திருக்கிறது. சிற்பிக்கு அழகான உடம்பு செதுக்கத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் நிற்கும் இளம்பெண்ணின் இடையைப் பாருங்கள், புரியும். இவளை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே செய்திருக்கிறார்.

மூன்றாவதாகப் பக்கத்து ஆட்கள். மாகேஸ்வரியின் மாடு முழு விலங்காக ஆசனத்தின் கீழே படுத்திருக்கும். இங்கே மனித உடம்பின் மேல் காளைத்தலை, அதுவும் அம்மனுக்குச் சமமான மட்டத்தில். அது சேட்டையின் மகன், மாந்தன் என்பார்கள். மறுபுறம் இருப்பவள் மகள். இந்த மூவரும் ஒரே பலகையில் இருந்தால் எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. காஞ்சி கைலாசநாதர் கோவிலில் இவளுடைய சிற்பம் இருக்கிறது, போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலாற்றுவாசி சொன்னதில் ஒரு பாதி சரிதான். பல்லவர் காலத்திலும் சோழர் தொடக்க காலத்திலும் சேட்டைக்கும் ஏழு மாதர்களுக்கும் ஒரே கோவில் வளாகத்தில் இடம் இருந்ததுண்டு. அக்கம்பக்கத்தில் தேடச் சொன்னது நல்ல யோசனை.

திருச்சிக்காரன்:
மாட்டு முகத்து ஆள் ஏன் மகிஷாசுரனாக இருக்கக் கூடாது? அப்படியானால் இவள் துர்க்கைதானே?

கல்வெட்டுப்பித்தன்:
மகிஷன் காலடியில் கிடப்பான், இல்லையென்றால் கதையை ஓங்கிக்கொண்டு சண்டைக்கு நிற்பான். அம்மன் பக்கத்தில் வீட்டுப்பிள்ளை மாதிரி அமைதியாக இருக்க மாட்டான். கொம்பையும் பாருங்கள். எருமைக்கொம்பு நீளமாகப் பின்னோக்கி வளையும். இது குட்டையாக மேல்நோக்கி நிற்கிற காளைக்கொம்பு. இந்தப் படத்தில் ஒரு கொம்பு மட்டும்தான் தெளிவாக இருக்கிறது, ஆனால் அது போதும்.

உளிச்சத்தம்:
மாமல்லபுரத்தில் கல்வேலை செய்கிறவன் நான். கையைப் பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கை தேய்ந்துபோனாலும் அது எங்கே இருந்தது என்பது பலகையில் பதிந்திருக்கும். உயர்த்திய கையைத் தனியாக நீட்டி வைத்தால் உடைந்துவிடும் என்று பின்பலகையோடு ஒட்டவைத்தே செதுக்குவோம். அதனால் கை போனாலும் அந்த ஒட்டு ஒரு மேடாக மிஞ்சும். உங்கள் படத்தில் வலது தோளுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மேடு தெரிகிறது. அதற்கு மேலே இன்னொரு சின்ன மேடு. அபயம் காட்டிய கையாக இருந்தால் முதல் மேட்டோடு முடிந்திருக்கும். மேலே இன்னொன்று இருப்பதால் கையில் பூ, மொட்டு மாதிரி எதையோ பிடித்திருந்தாள் என்று எனக்குப் படுகிறது. இடது கை தொடைமேல் இறங்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை.

இன்னொன்று. படத்தை உச்சிவெயிலில் எடுத்திருக்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். முடியாவிட்டால் இருட்டியபின் ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், பலகையை ஒட்டியபடி பிடிக்க, இன்னொருவர் நேரே நின்று எடுக்கட்டும். மாவு பூசுவது, சாக்பீஸால் கோடு இழுப்பது எதுவும் வேண்டாம். சாக்பீஸ் கோடு கல்லில் இருப்பதைக் காட்டாது, வரைகிறவர் நினைப்பதைத்தான் காட்டும்.

நெல்லைக்காரி:
இதைப் படித்ததும் என்னிடம் ஒரு வருடமாகக் கிடக்கிற படம் நினைவுக்கு வந்தது. ஒரு சோழர் கோவிலின் கோட்டத்தில் ஆடையில்லாத ஆண் உருவம், இடுப்பில் பாம்பு. வழிகாட்டியவர் பைரவர் என்றார். நானும் அப்படியே எழுதி வைத்தேன். ஆனால் நாய் இல்லை. இதையும் கொஞ்சம் பார்ப்பீர்களா?

கல்வெட்டுப்பித்தன்:
அம்மா, காலைப் பாருங்கள். ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுத்து வைக்கிறார், நடக்கிறார். பாதத்தில் மரக்குறடு. வலது கீழ்க்கையை நோக்கி மான் துள்ளுகிறது, இடப்புறம் ஒரு பூதம் தலையில் பாத்திரத்தைச் சுமக்கிறது. இவர் பிட்சாடனர். பைரவரும் ஆடையில்லாமல்தான் இருப்பார், பாம்பும் இருக்கும், அதனால்தான் குழப்பம். ஆனால் பைரவர் நேராக நிற்பார், தலைமுடி தீச்சுடர் போல விரியும், பெரும்பாலும் கடைவாய்ப் பல் தெரியும். நாய் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம், பழைய பைரவர் சிலைகளில் நாய் இல்லாததும் உண்டு.

வாலாஜாவாசி:
எல்லாம் சரி, மூதேவி சிலை ஊருக்குள் இருப்பது நல்லதா? படத்தைப் போனில் வைத்திருந்தாலே தரித்திரம் என்று என் மாமியார் சொல்கிறார். அதை எடுத்து ஏரியில் போட்டுவிடலாமே?

காவேரிப்பாக்கத்து ஆச்சி:
அப்படிப் போட்டவர்கள் இருக்கிறார்கள் அம்மா. எங்கள் தெருவில் வண்ணான்துறைக் கல் ஒன்று இருந்தது. தூர் வாரும்போது புரட்டிப் பார்த்தால் அடியில் இதே அம்மன், இதே காளைமுகம். முகம் மண்ணுக்குள் கவிழ்ந்து கிடந்ததால் கண், மூக்கு, கழுத்து மணி எல்லாம் புதிது போல இருந்தன. அதை அரசமரத்தடியில் நிறுத்தினோம். இப்போது பிள்ளை உண்டான பெண்கள் ஏழாம் மாதம் வந்து வளையல் சாற்றிவிட்டுப் போகிறார்கள். அவளால் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. எங்கள் சிலையில் கொடிக்கம்பத்தின் மேல் காக்கை தெளிவாக இருக்கிறது. உங்கள் படத்தில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

கல்வெட்டுப்பித்தன்:
ஆச்சி சொன்னது முக்கியம். சேட்டையை விரட்ட வேண்டியவளாக மட்டும் எல்லோரும் பார்க்கவில்லை. திருப்பரங்குன்றம் குடைவரையில் இவளுக்கும் துர்க்கைக்கும் கோவில் எடுத்தவர், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனிடம் பெரும்பதவியில் இருந்த சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி. 773ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு அதைச் சொல்கிறது. எதிர்ப்பும் அப்போதே இருந்தது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில், சேட்டையிடம் போய்ச் செல்வம் கேட்டு நிற்கிறீர்களே என்று கடிந்துகொள்கிறார். செல்வம் கேட்டு அவளிடம் போன கூட்டம் இருந்திருக்கிறது என்பதற்கும் அதுதானே சாட்சி. கி.பி. பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு இவளுக்குப் புதிதாகச் சிலை செதுக்குவது அரிதாகிவிட்டது. அதனால் உங்கள் கல்லும் அதற்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தயவுசெய்து யாரும் ஏரியில் போட வேண்டாம்.

கிளியா காக்கையா என்பதற்கு ஒரு வழி: கிளி அம்மன் கையிலோ கையில் உள்ள பூவின் மேலோ இருக்கும். காக்கை தலைக்குப் பக்கத்தில் கொடியிலோ கம்பத்தின் நுனியிலோ இருக்கும். பறவைக்குக் கீழே ஒரு செங்குத்துக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

செய்யாற்றுக்கரை:
நேற்று மாலை போய்ப் பக்கவாட்டு வெயிலில் மறுபடி எடுத்தேன், இரண்டு படங்கள் போட்டிருக்கிறேன். பறவைக்குக் கீழே கம்பம் இருக்கிறது, தோள் மட்டம் வரை தெரிகிறது. காளைமுகத்தானின் கையில் ஒரு தடியும் தெரிகிறது. ஆசனத்தின் கீழே இடப்பக்கம் கட்டுக்கட்டாகக் கோடுகள் உள்ள ஒரு பொருள் இருக்கிறதே, அது என்ன?

பாலாற்றுவாசி:
துடைப்பம்! மூதேவிக்குத் துடைப்பம்தானே அடையாளம்.

உளிச்சத்தம்:
எனக்கு அது துடைப்பமாகத் தெரியவில்லை. துடைப்பமானால் ஒரு பக்கம் குறுகிப் பிடி இருக்கும். இது இரண்டு பக்கமும் ஒரே அகலம். மகளின் ஆடைமடிப்பு கீழே விழுவதாகவும் இருக்கலாம். இடுப்பிலிருந்து அந்தக் கோடு தொடங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அந்த இடத்தில் மஞ்சள் அப்பியிருக்கிறது.

கல்வெட்டுப்பித்தன்:
நானும் துடைப்பம் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டாலும் இவள் சேட்டைதான். இரண்டு கை, தொங்கும் கால்கள், காளைமுகன், மகள், காக்கைக்கொடி, இத்தனை சேர்ந்து வேறு யாருக்கும் வராது. மஞ்சளை நீங்கள் சுரண்ட வேண்டாம். பூசாரி எப்போது அபிஷேகம் செய்கிறார் என்று கேட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் அலங்காரத்துக்கு முன் ஒரு படம் எடுக்க அனுமதி வாங்குங்கள். கல் ஈரமாக இருக்கும்போது பளபளக்கும், கால்மணி நேரம் காயவிட்டு எடுத்தால் நல்லது.

செய்யாற்றுக்கரை:
ஆடி வெள்ளியன்று கழுவுவார்களாம். கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். எடுத்ததும் போடுகிறேன்.

மதுரைமல்லி:
அப்போது அந்த இளம்பெண்ணின் கையையும் கிட்டத்தில் எடுங்கள் அண்ணா. அவள் பூ வைத்திருக்கிறாளா, கையை மட்டும் மடக்கியிருக்கிறாளா என்று புதுப் படத்திலும் தெரியவில்லை.