ஏசி ஃபில்டர்: துவைத்த நாளிலிருந்து 15 நாள் எண்ணும் நினைவூட்டல்

எங்கள் வீடு சாலையோரம் என்பதால் ஏசி ஃபில்டரை 15 நாளுக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுகிறோம். இதற்கு நினைவூட்டல் வைப்பதில்தான் சிக்கல்.

காலண்டரில் 15 நாள் இடைவெளி போட்டால் அது தேதியை மட்டுமே பார்க்கிறது. ஜூன் 1 அன்று வர வேண்டிய வேலையை ஜூன் 9 அன்று செய்தாலும் அடுத்த நினைவூட்டல் ஜூன் 16 அன்றே வந்து நிற்கும். ஏழே நாளில் ஃபில்டரில் என்ன தூசி இருக்கப்போகிறது? வேண்டாம் என்று தள்ளிவிடுவோம், அப்புறம் அடுத்ததையும் கவனிப்பதில்லை.

அதனால் Todoist என்ற வேலைப்பட்டியல் செயலிக்கு மாறினேன். அதில் `every 15 days` என்று எழுதினால் இதே கதைதான். ஆச்சரியக்குறி சேர்த்து `every! 15 days` என்று எழுதினால் டிக் செய்த நாளிலிருந்து எண்ணுகிறது. ஜூன் 9 அன்று டிக் செய்தால் அடுத்தது ஜூன் 24. இதுவரை சரி.

ஆனால் ஃபில்டரைக் கழுவுவது பெரும்பாலும் அப்பா. அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. ஜூன் 9 அன்று அவர் கழுவியது எனக்கு 13 அன்றுதான் தெரிந்தால், டிக் செய்ததும் அடுத்த தேதி 28 ஆகிவிடுகிறது. இப்போதைக்கு ஒவ்வொரு முறையும் தேதியைக் கையால் மாற்றுகிறேன்.

வேலை முடிந்த உண்மையான தேதியை டிக் செய்யும்போதே கொடுக்க வழி உண்டா? அல்லது அப்படிக் கேட்கும் ஆண்ட்ராய்டு செயலி ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? இலவசமாக இருந்தால் நல்லது.