குடும்பக் குழு: பாட்டி கையில் 88

செல்வி அத்தை (ஏற்காடு): கவிதா கண்ணு, எழுந்துவிட்டாயா? மாமியாருக்கு விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன், ஆக்சிஜன் 88 காட்டுகிறது. இருமல் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். கருவி பழசு. புதிதாக எந்த கம்பெனி வாங்கலாம்? தெர்மாமீட்டர், மருந்துப் பெட்டி சாமானும் சேர்த்துச் சொல்.

கவிதா: வாங்குவது அப்புறம் அத்தை. பாட்டிக்கு மூச்சு வாங்குகிறதா? ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா? உதடு நீலமாக இருக்கிறதா?

செல்வி அத்தை: அதெல்லாம் இல்லை. நன்றாகப் பேசுகிறார்கள். கைதான் சில்லென்று இருக்கிறது, வெளியே ஒரே பனி.

கவிதா: கருவியில் நாடித்துடிப்பு எவ்வளவு காட்டியது? மணிக்கட்டில் கை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

செல்வி அத்தை: கருவியில் 41. நான் எண்ணியது 78.

கவிதா: அப்படியானால் அந்த 88ஐ நம்ப முடியாது. விரல் வழியாக ஒளி விட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. துடிப்பையே பிடிக்காதபோது ஆக்சிஜன் எண்ணும் தப்பாகத்தான் வரும். குளிரில் விரலுக்கு ரத்தம் குறைவாக வருவதால் இப்படி ஆகும். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்து, நடுவிரலில் மாட்டி, ஆடாமல் மடியில் வைக்கச் சொல்லுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்க ஒரு நிமிடம் விடுங்கள். அந்த விரலில் மருதாணி இருந்தால் வேறு விரல்.

முருகேசன் மாமா: கருவி போலியா என்று பார்க்க ஒரு வழி. விரலுக்குப் பதில் பென்சிலை வை. எண் காட்டினால் தூக்கி எறி.

தங்கம் பெரியம்மா: ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டுமா செல்வி? எங்கள் தெருவில் வாடகைக்குத் தருகிறார்கள், கேட்கட்டுமா?

செல்வி அத்தை: சிலிண்டர் இல்லை அக்கா, விரலில் மாட்டும் கருவி. கவிதா, இப்போது 94, துடிப்பு 79. அப்படியே நிற்கிறது.

கவிதா: துடிப்பு நீங்கள் எண்ணியதோடு ஒத்துப்போகிறது, இந்த 94ஐ எடுத்துக்கொள்ளலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட ஓரிரண்டு குறைவாகக் காட்டுவது இயல்பு. ஆனாலும் இருமல் இருப்பதால் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 92க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் கருவியில் எண் என்னவாக இருந்தாலும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மாமா, பென்சில் சோதனை பாதிதான் சரி. நல்ல கருவியும் சில நேரம் ஒளி சிதறி எண் காட்டிவிடும். அலைக்கோடு காட்டும் கருவியாக வாங்கினால், துடிப்புக்கு ஏற்ப கோடு சீராக ஏறி இறங்குகிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முருகேசன் மாமா: கம்பெனி பெயரைச் சொல்லம்மா. பெட்டியில் துல்லியம் 2 சதவீதம் என்று எல்லோரும்தான் போடுகிறார்கள்.

கவிதா: போடுவார்கள் மாமா. அந்த 2க்குள் வருவது மூன்றில் இரண்டு முறைதான், மீதி நேரம் அதற்கும் மேல் விலகும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது, நம் நிறத்துக்கு அது முக்கியம். அதனால் ஒரு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பாட்டி நன்றாக இருக்கும்போது தினமும் எவ்வளவு வருகிறது என்று எழுதி வைத்தால், அதிலிருந்து இறங்குவது தெரியும். பிபிஎல், ஓம்ரான் மாதிரி இங்கே சர்வீஸ் உள்ள கம்பெனியாக, உரிம எண் அச்சிட்ட பெட்டியாக, பில்லோடு வாங்குங்கள். டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு அதே கையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிராண்டைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

பாலு சித்தப்பா: எங்களிடம் நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் தெர்மாமீட்டர் இருக்கிறது. சின்னவனுக்கு உடம்பு கொதிக்கிறது, அது 96 என்கிறது.

கவிதா: வெளியே போய் வந்த உடனே பார்த்தீர்களா சித்தப்பா?

பாலு சித்தப்பா: ஆமாம், வண்டியில் வந்து இறங்கியதும்.

கவிதா: காற்று பட்டு நெற்றி ஆறியிருக்கும். அரை மணி நேரம் வீட்டுக்குள் இருந்தபின், வியர்வையைத் துடைத்துப் பாருங்கள். செல்வி அத்தை, உங்கள் குளிருக்கு அந்த வகை வேண்டாம். நாக்குக்கு அடியில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் போதும், ஓம்ரானோ ஹிக்ஸோ. காபி குடித்து அரை மணி ஆனபின் வையுங்கள், பீப் அடிக்கும்வரை வாய் மூடியிருக்கட்டும். அக்குளில் வைத்தால் சற்றுக் குறைவாகத்தான் வரும்.

செல்வி அத்தை: பெட்டிக்குள்?

கவிதா: ஒட்டாத காஸ், ரோல் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப், கிரேப் பேண்டேஜ், பொவிடோன் அயோடின், ஓஆர்எஸ், கத்தரிக்கோல், கையுறை. மருந்துகளில் காலாவதித் தேதி பாருங்கள். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசை தடவ வேண்டாம்.

தங்கம் பெரியம்மா: மஞ்சள்?

கவிதா: தீக்காயத்தில் வேண்டாம் பெரியம்மா.

தங்கம் பெரியம்மா: நாங்கள் அதைத்தானே வைத்து வளர்ந்தோம்.

முருகேசன் மாமா: சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறேன். அலைக்கோடு உள்ளது கொஞ்சம் விலை கூட இருக்கும், பரவாயில்லையா செல்வி?

செல்வி அத்தை: அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா. டாக்டர் பத்து மணிக்கு வரச் சொன்னார், கிளம்புகிறோம்.

கவிதா: பழைய கருவியையும் எடுத்துப் போங்கள் அத்தை. புது பேட்டரி போட்டு.