பெரிய வீட்டுக் குழு: கவிதாவுக்குப் பால் கட்டிக்கொண்டது

வியாழன், காலை 6.10

சுமதி: நேற்று இரவு முதல் கவிதாவுக்கு இரண்டு பக்கமும் பால் கட்டிக்கொண்டு கல்லைப் போல இருக்கிறது. குழந்தை வாயை வைத்தவுடன் வழுக்கிவிடுகிறான், அழுகிறான். சிசேரியன் முடிந்து இன்று ஐந்தாம் நாள். விஜயா, பார்த்ததும் பதில் எழுது.

மோகன்: தண்டையார்பேட்டையிலும் பால் வரவில்லையா, அக்கா? இரண்டு பாக்கெட் வாங்கி அனுப்பட்டுமா?

பானு: மன்னியுங்கள், அண்ணி. அவர் கண்ணாடி போடாமல் படித்துவிட்டார்.

ராஜம்: இரண்டு பக்கமும் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டு, சுமதி. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டி கரையும் வரை அழுத்தித் தேய்த்துவிடு. காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கி அனுப்புகிறேன், புட்டு செய்து கொடு.

விஜயா: பெரியக்கா, சுறாப் புட்டு பால் ஊறுவதற்காகக் கொடுப்பது. இவளுக்கு இப்போது ஊறியதே வெளியேற வழியில்லை. மல்லிகைப்பூவோ பாலை வற்றச் செய்யக் கட்டுவது. குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு எங்கள் வார்டிலேயே கட்டியிருக்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் அந்த உடம்பு யார் பேச்சைக் கேட்கும்?

ராஜம்: நான்கு பிள்ளைகளை வளர்த்தவளுக்குச் சொல்லித் தருகிறாய்.

விஜயா: சுமதி அக்கா, பொறுமையாகப் படியுங்கள். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு, பால் சுரப்பைத் தடுத்துக்கொண்டிருந்த ஹார்மோன் இறங்கிவிடுவதால், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் வேகமாக இறங்கும். ஆனால் அந்தக் கல் முழுவதும் பால் அன்று. இரத்த ஓட்டம் கூடி, திசுவில் நீர் கோத்துக்கொள்வதும் அதில் பெரும் பங்கு. அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய குளுக்கோஸ் நீரும் வீக்கத்தைக் கூட்டும். காம்பைச் சுற்றிய கருவட்டம் இறுகிப்போனால் குழந்தையால் அதை வாய் நிறையக் கவ்வ முடியாது. அவன் காம்பின் நுனியை மட்டும் கடிப்பான். பால் வராது, காம்பு வெடிக்கும், கட்டு இன்னும் கூடும்.

ஆகவே முதலில் கருவட்டத்தை இளக்க வேண்டும். கவிதா மல்லாந்து சாய்ந்துகொண்டு, காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். நீர் பின்னால் நகர்ந்து அந்த இடம் மெத்தென்று ஆகும். உடனே குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக வருமாறு பிடித்து, அவன் வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை முதலில் படும்படி அணைக்க வேண்டும். குடித்து முடித்தபின் காம்பு உருண்டையாக இருந்தால் சரி. லிப்ஸ்டிக் முனையைப் போலச் சாய்வாக நசுங்கியிருந்தால் பிடி தவறு.

சுமதி: பம்ப் வைத்து முழுவதும் எடுத்துவிடலாமா? மாப்பிள்ளை வாங்கி வந்திருக்கிறார்.

விஜயா: வேண்டாம். தேங்கிய பால்தான் சுரப்பைக் குறைக்கச் சொல்லும் அடையாளம். ஒவ்வொரு முறையும் காலி செய்தால் உடம்பு இன்னும் அதிகமாக ஊற வைக்கும். இறுக்கம் தளரும் அளவுக்குக் கையால் சிறிது பீச்சினால் போதும். பால் கொடுத்தபின் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். அழுத்தித் தேய்க்கவே கூடாது. உள்ளே காயம் பட்டு வீக்கம் கூடும்.

பானு: எனக்கு மூத்தவன் பிறந்தபோது அப்படித்தான் தேய்த்தார்கள். பிறகு சீழ் வைத்து, அதை வெளியேற்ற வேண்டியதாயிற்று. யார் தேய்த்தார்கள் என்று இப்போது சொல்லப் போவதில்லை.

ராஜம்: சொல்லாமலே சொல்லிவிட்டாய், பானு.

மோகன்: சுறா கிலோ என்ன விலை, பெரியக்கா?

இரவு 8.40

கவிதா: சித்தி, நீங்கள் சொன்னபடி செய்ததில் இடப்பக்கம் இளகிவிட்டது, குழந்தை விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. வலப்பக்கம் அக்குள் ஓரமாக ஒரு பட்டை சிவந்து சுடுகிறது. உடம்பு நடுங்குகிறது, காய்ச்சல் 101. அந்தப் பக்கப் பாலைக் கொடுக்கலாமா?

விஜயா: கொடுக்கலாம், அம்மா, அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது, நிறுத்தினால்தான் உனக்குக் கட்டு கூடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, குளிருடன் காய்ச்சல் வந்தால் அதை வெறும் பால்கட்டு என்று விடக் கூடாது. மேலும் உனக்குத் தையலிலோ கருப்பையிலோ கிருமி சேர்ந்தும் காய்ச்சல் வரலாம். அதைப் பார்க்காமல் மார்பின் மீது பழி போட முடியாது. இன்றிரவே பிரசவம் பார்த்த மருத்துவரிடம் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். தந்தால் தாய்ப்பால் கொடுப்பவள் என்பதைச் சொல்லிவிடு.

ராஜம்: பச்சை உடம்புக்காரியை இரவில் வெளியே அழைத்துப் போவதா? விடியட்டும்.

விஜயா: விடியும்வரை காய்ச்சலும் காத்திருக்குமா, பெரியக்கா?

பானு: குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தான், கவிதா?

கவிதா: காலையிலிருந்து ஐந்து முறை.

விஜயா: இரவுக்குள் ஆறு தாண்டினால் அவன் வயிற்றைப் பற்றிக் கவலை இல்லை. தாயைப் பாருங்கள்.

மோகன்: ஆட்டோவைச் சொல்லிவிட்டேன், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடும். அக்கா, கிளம்புகிறீர்களா?

சுமதி: சம்பந்தியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

விஜயா: அக்கா, முதலில் ஆட்டோவில் ஏறுங்கள், ஏறியபின் கேளுங்கள்.

ராஜம்: அப்படியானால் பதினோராம் நாள் தொட்டில் போடுவது உண்டா, இல்லையா?