புதுப்பிப்பு: அட்வான்ஸ் பாக்கி கேட்டு ஹவுஸ் ஓனருக்கு எழுதிய கடிதம்

"வீடு காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சு, மீதி அட்வான்ஸ் வரல, ஓனருக்கு லெட்டர் எப்படி எழுதுறது?" - போன மாதம் நான் கேட்டது.

எழுதி அனுப்பிவிட்டேன். முதல் வரைவு நான்கு பக்கம், பாதி புலம்பல். இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி தேதியும் தொகையும் மட்டும் விட்டு ஒரே பக்கமாக்கினேன்: அட்வான்ஸ் 1,00,000; 28.02.2025 வாட்ஸ்அப்பில் நோட்டீஸ், 31.03.2025 சாவி ஒப்படைப்பு. மே 6-ல் 25,000, ஜூலை 19-ல் 15,000 திரும்ப வந்தது. கடைசி கரண்ட் பில் 1,840 என் கணக்கு, ஒத்துக்கொண்டேன். பாக்கி 58,160.

பெயின்டிங்குக்கு அவர் 28,000 பிடிக்கிறார், பில் கிடையாது. சமரசமாக 10,000 விட்டுத்தருகிறேன், 15 நாளில் 48,160 தந்தால் முடிந்தது, இல்லையென்றால் இந்தச் சலுகை ரத்து, முழுத்தொகையும் கேட்பேன் என்று தெளிவாக எழுதினேன். அந்த வரி இல்லாவிட்டால் 10,000-ஐ நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக்கூடுமாம்.

வாட்ஸ்அப்பில் கொடுத்த நோட்டீஸ் செல்லாது என்றார் இங்கே ஒருவர். பாதி சரி, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, போனில் மெசேஜையே அழிக்காமல் வைக்கச் சொன்னார் தெரிந்த வக்கீல்.

கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை கையெழுத்தோடு வந்துவிட்டது. நேற்று ஓனர் மகன் போன் செய்து, "40 வாங்கிக்கிறீங்களா சார்?" என்றார். எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.